அக்கா பொண்ணுக்கு கேட்டையா மூலமா? வாக்கியம், திருக்கணிதம் ரெண்டுல எதை எடுக்கறது

போன வருஷம் அக்கா பொண்ணுக்கு வரன் பார்க்க ஆரம்பிச்சப்ப வீட்ல ஒரு குழப்பம். பிறந்தப்ப ஊர் ஜோசியர் கையால எழுதிக்கொடுத்த நோட்டுல கேட்டை நட்சத்திரம் நாலாம் பாதம், விருச்சிக ராசின்னு இருக்கு. மாப்பிள்ளை வீட்ல அதே தேதி, நேரம், ஊர் எல்லாம் போட்டு மொபைல்ல ஜாதகம் எடுத்துட்டு "மூலம் முதல் பாதம், தனுசு ராசின்னு வருதே, நீங்க மறைக்கறீங்களா"ன்னு கேட்டுட்டாங்க. அக்கா அழுதுட்டா. யாரும் எதையும் மறைக்கல. நோட்டு வாக்கியப் பஞ்சாங்கப்படி எழுதினது, ஆப் திருக்கணிதப் பஞ்சாங்கப்படி போட்டது, அவ்ளோதான் விஷயம். ஆனா அந்த "அவ்ளோதான்"குள்ள என்ன இருக்குன்னு எனக்கும் அப்ப தெரியாது, உட்கார்ந்து படிச்சப்பறம்தான் புரிஞ்சது. இதே மாதிரி முழிக்கறவங்களுக்காக எழுதறேன்.

நட்சத்திரம்னா சந்திரன் வானத்துல எந்த இடத்துல இருக்குங்கறது மட்டும்தான். 360 டிகிரியை 27ஆ பிரிச்சா ஒரு நட்சத்திரத்துக்கு 13 டிகிரி 20 நிமிஷம். சந்திரன் ஒரு நாளைக்கு சராசரியா 13 டிகிரிக்கு கொஞ்சம் மேல நகரும், அதாவது 1 டிகிரி நகர கிட்டத்தட்ட 1 மணி 50 நிமிஷம் ஆகும். ஸோ சந்திரன் எங்க இருக்குன்னு ரெண்டு பஞ்சாங்கமும் 2 டிகிரி வித்தியாசமா சொன்னா, நட்சத்திரம் முடியற நேரம் மூணே முக்கால் மணி நேரம் தள்ளிப்போகும். அந்த இடைவெளிக்குள்ள பிறந்த குழந்தைக்கு ரெண்டு நட்சத்திரம். நட்சத்திரத்தோட நடுவுல பிறந்தவங்களுக்கு எந்தப் பஞ்சாங்கம் பார்த்தாலும் ஒண்ணுதான் வரும், பிரச்சனை எல்லாம் ஓரத்துல பிறந்தவங்களுக்கு.

இப்ப அந்த 2 டிகிரி ஏன் வருது? இதுக்கு "வாக்கியம் பழசு, தப்பு"ன்னு ஒரு பக்கமும் "ரிஷி வாக்கியம், அதுல கைவைக்கக்கூடாது"ன்னு இன்னொரு பக்கமும் பதில் சொல்வாங்க, ரெண்டுமே எனக்கு திருப்தியா இல்ல. உண்மையான காரணம் இதைவிட சுவாரசியமானது.

வாக்கியங்கறது நிஜமாவே வாக்கியம். வரருசி பேர்ல வழங்கற 248 சின்னச் சின்ன சம்ஸ்கிருதத் தொடர்கள், ஒவ்வொண்ணும் ஒரு நாளைக்கு. முதல் வாக்கியம் "கீர்ந ச்ரேய". கேட்க ஆசீர்வாதம் மாதிரி இருக்கும், ஆனா ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் உண்டு (கடபயாதின்னு சொல்வாங்க). கீ-க்கு 3, ந-வுக்கு 0, ரே-வுக்கு 2, ய-வுக்கு 1. வலமிருந்து இடமா திருப்பிப் படிச்சா 1203, அதாவது 12 பாகை 03 கலை. சந்திரன் பூமியை விட்டு ரொம்ப தூரமா இருக்கற புள்ளியில இருந்து கிளம்பினா முதல் நாள் 12 டிகிரி 3 நிமிஷம் போகும்னு அர்த்தம். தூரத்துல இருக்கறப்ப மெதுவா போகும், கிட்ட வர்றப்ப வேகமா போகும், அதெல்லாம் இதுக்குள்ள இருக்கு. ஏன் 248? சந்திரன் தூரப்புள்ளியில கிளம்பி மறுபடி தூரப்புள்ளிக்கு வர 27.55 நாள், ஒன்பது சுத்து முடிஞ்சா கிட்டத்தட்ட சரியா 248 நாள். மனப்பாடம் பண்ணிட்டா பேப்பர், பேனா எதுவும் இல்லாம சந்திரனைக் கணிக்கலாம். அந்தக் காலத்துக்கு இது அசாத்தியமான வேலை, அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

ஆனா இந்தக் கணக்குல சந்திரனோட வேகத்துக்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு, பூமிக்கு எவ்வளவு தூரத்துல இருக்குங்கறது. சராசரி இடத்துல இருந்து சந்திரன் முன்னாடியோ பின்னாடியோ அதிகபட்சம் 5 டிகிரி சொச்சம் விலகும்னு வச்சிருக்காங்க. நிஜத்துல சூரியனும் சந்திரனை இழுக்குது. அந்த இழுப்பால சந்திரனோட பாதை அமாவாசை, பௌர்ணமியில ஒரு மாதிரியும் பாதி நிலா இருக்கற அஷ்டமி சமயத்துல வேற மாதிரியும் நெளியுது. அமாவாசை, பௌர்ணமியில விலகல் கிட்டத்தட்ட 5 டிகிரிதான் வரும், அதாவது வாக்கியம் சொல்ற அதே அளவு. அஷ்டமி பக்கம் வந்தா அதே விலகல் ஏழரை டிகிரி வரைக்கும் போகும். வாக்கியத்துக்கு அந்த ரெண்டரை டிகிரி தெரியவே தெரியாது. இது தவிர இன்னும் சில சின்ன திருத்தங்களும் உண்டு, எல்லாம் ஒரே பக்கமா சேர்ந்தா வித்தியாசம் 5 மணி நேரத்தையும் தாண்டிப்போகும்.

சரி, இவ்வளவு பெரிய வித்தியாசம் எப்படி நம்ம ஆளுங்க கண்ணுல படாம போச்சு? எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இதுதான். பழைய காலத்துல கணக்கு சரியா தப்பான்னு ஊரே பார்க்கற டெஸ்ட் கிரகணம். சூரிய கிரகணம் அமாவாசையில வரும், சந்திர கிரகணம் பௌர்ணமியில வரும், ரெண்டுமே வாக்கியக் கணக்கு நல்லா வேலை செய்யற நாள். கிரகணத்தை வச்சே சரிபார்த்துக்கிட்டு வந்த கணக்கு, கிரகணத்துல பாஸ் ஆகத்தான் செய்யும். பாதி நிலாவை யாரும் பரீட்சை வைக்கல. முழுசா தெரியாமலும் இல்ல, முஞ்சாலர் 932லயே இந்த ரெண்டாவது திருத்தத்தை எழுதிட்டார், கேரளத்துல பரமேசுவரர் 1431ல பார்த்ததோட கணக்கு ஒத்துப்போகணும்னு திருக்கணிதம்ங்கற பேர்லயே ஒரு முறை கொடுத்தார். ஆனா நம்ம பக்கம் ஊர்ப் பஞ்சாங்கம் வாக்கியத்துலயே நின்னுடுச்சு. பின்னாடி 19ஆம் நூற்றாண்டுல சென்னை வானியல் ஆய்வகத்துல, அதாவது நட்சத்திரம் பார்க்கற அப்சர்வேட்டரியில, வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி திருக்கணிதப் பஞ்சாங்கம் போட்டார். 1950கள்ல மேகநாத் சாஹா தலைமையில மத்திய அரசு வச்ச கமிட்டியும் திருக்கணிதத்தைத்தான் எடுத்துக்கிச்சு.

கையில இருக்கற பஞ்சாங்கம் எந்த வகைன்னு அட்டையைப் பார்க்காமலே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. "பாணவிருத்தி ரஸக்ஷயம்"னு பழைய ஆளுங்க சொல்வாங்க. ஒரு திதி 60 நாழிகைக்கு மேல 5 நாழிகைதான் கூடும், 6 நாழிகைதான் குறையும்னு அர்த்தம், அதாவது 54ல இருந்து 65 நாழிகைக்குள்ள இருக்கும். இது வாக்கியக் கணக்கு. திருக்கணிதத்துல இது "ஸப்தவிருத்தி தசக்ஷயம்", 7 கூடும் 10 குறையும், 50ல இருந்து 67 வரைக்கும் போகும். ஒரு நாழிகை 24 நிமிஷம். பஞ்சாங்கத்துல ஏதாவது ஒரு திதி இருபத்தொண்ணரை மணி நேரத்துக்கும் கம்மியா ஓடுதான்னு ஒரு மாசம் புரட்டிப் பாருங்க. இருந்தா அது திருக்கணிதம்தான், வாக்கியத்துல அப்படி ஒரு திதி வரவே வராது.

இப்ப எங்க வீட்டு கேஸுக்கு வர்றேன். புரட்டாசி முதல் வாரம், வளர்பிறை அஷ்டமி, மதியம் 3 மணி பிறப்பு. பாருங்க, சரியா பாதி நிலா நாள், வித்தியாசம் உச்சத்துல இருக்கக்கூடிய நாள். வாக்கியத்துல அன்னிக்கு கேட்டை 28 நாழிகை 40 விநாழிகை. சூரிய உதயம் காலைல 6:02, அதுல இருந்து 11 மணி 28 நிமிஷம் கூட்டினா சாயங்காலம் 5:30 வரைக்கும் கேட்டை. திருக்கணிதத்துல கேட்டை மதியம் 1:10க்கே முடிஞ்சு மூலம் ஆரம்பிச்சாச்சு. நடுவுல 4 மணி 20 நிமிஷம், வானத்துல கிட்டத்தட்ட 2.4 டிகிரி. குழந்தை சரியா அந்தக் குழிக்குள்ள 3 மணிக்கு விழுந்திருக்கு.

இதனால என்னென்ன மாறுதுன்னு பார்த்தா, நட்சத்திரத்தோட நிக்கல, ராசியும் போச்சு, ஏன்னா கேட்டையோட விருச்சிகம் முடியுது. தசையும் மாறுது. வாக்கியப்படி கேட்டையில இன்னும் ரெண்டரை மணி நேரம் பாக்கி, மொத்த நட்சத்திரம் சுமார் 24 மணி 10 நிமிஷம், புதன் தசை 17 வருஷத்துல அந்தப் பங்கு கிட்டத்தட்ட 1 வருஷம் 9 மாசம் இருப்பு. அப்பறம் கேது 7, சுக்கிரன் 20, ஸோ சுக்கிர தசை 28 வயசு 9 மாசத்துல முடியும். திருக்கணிதப்படி மூலம் ஆரம்பிச்சு 1 மணி 50 நிமிஷம்தான் ஆச்சு, கேது தசையில 6 வருஷம் 5 மாசம் சொச்சம் இருப்பு, சுக்கிர தசை 26 வயசு 5 மாசத்துலயே முடிஞ்சுடும். பொண்ணுக்கு இப்ப 27. ஒரு ஜோசியர் "சுக்கிர தசை நடக்குது, கல்யாணம் கூடி வரும்"னு சொல்றார், இன்னொருத்தர் "சூரிய தசை வந்தாச்சு, கொஞ்சம் பார்த்துதான்"னு சொல்றார். ரெண்டு பேரும் அவங்கவங்க கணக்குல கரெக்ட்.

ஏழரைச் சனி இன்னும் கூத்து. வாக்கியத்துல சனி மாதிரி கிரகங்களோட கணக்கு சந்திரனைவிட அதிகமா விலகி நிக்குது. சனி கும்பத்துக்குப் போனது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17, வாக்கியப்படி 2023 டிசம்பர் 20, கிட்டத்தட்ட 11 மாசம் தள்ளி. திருநள்ளாறுல வாக்கியப்படிதான் பெயர்ச்சி கொண்டாடறாங்க. எங்க பொண்ணுக்கு விருச்சிகம்னு வச்சு வாக்கியப்படியே பார்த்தா ஏழரை 2020 டிசம்பர் 27லயே முடிஞ்சது. தனுசுன்னு வச்சு திருக்கணிதப்படி பார்த்தா 2023 ஜனவரி 17லதான் கடைசியா விட்டுது. இதுல நிறைய பேர் செய்யற தப்பு என்னன்னா ராசியை நோட்டுல இருந்து எடுத்துக்குவாங்க, பெயர்ச்சி தேதியை டிவியில சொல்றதுல இருந்து எடுத்துக்குவாங்க. அது எந்தக் கணக்கும் இல்ல, ரெண்டு மேப்பை ஒட்டிவச்சு வழி தேடற மாதிரி.

பொருத்தத்துல என்ன ஆச்சுன்னா, நான் பயந்த அளவுக்கு இல்ல. கேட்டை, மூலம் ரெண்டும் பாத ரஜ்ஜுதான், ரெண்டும் ராட்சச கணம்தான். ஸோ ரஜ்ஜுவும் கணமும் அசையல. யோனி மாறுது, கேட்டைக்கு மான், மூலத்துக்கு நாய். தினம், ராசிப் பொருத்தம், ராசி அதிபதி மாறுது, செவ்வாய் போய் குரு வர்றார். இதே இது ரோகிணி, மிருகசீரிடம் எல்லையில பிறந்திருந்தா ரஜ்ஜுவே கழுத்துல இருந்து தலைக்கு மாறியிருக்கும், அப்ப சண்டை வேற லெவல்ல இருந்திருக்கும். ஆயில்யம்-மகம், கேட்டை-மூலம், ரேவதி-அசுவினி, இந்த மூணு எல்லையில மட்டும்தான் ரஜ்ஜு மாறாது, மத்த எல்லா எல்லையிலயும் மாறும்.

ஆனா நம்ம ஊர்ல பொருத்தத்துக்கு முன்னாடி பழமொழி வந்து உட்கார்ந்துக்கும் இல்லையா. மூலம்னா மாமனாருக்கு ஆகாது, கேட்டைன்னா மாப்பிள்ளையோட அண்ணனுக்கு ஆகாதுன்னு ஒரு பேச்சு. அங்கதான் ஒரு வேடிக்கை நடந்தது. மாப்பிள்ளை தலைச்சன் பிள்ளை, அண்ணன் கிடையாது, அப்பா இருக்கார். எங்க சித்தப்பா உடனே "வாக்கியமே நம்ம பாரம்பரியம், கேட்டைன்னே வச்சுக்கலாம்"னு ஆரம்பிச்சுட்டார். அப்பாவும் இல்லாம அண்ணன் இருக்கற வரன் வந்திருந்தா இதே சித்தப்பா விஞ்ஞானம் பேசியிருப்பார். எனக்கு இந்தப் பழமொழிகள்ல துளியும் நம்பிக்கை இல்ல, ஆனா நம்பறவங்ககூட வரனுக்குத் தக்க பஞ்சாங்கத்தை மாத்தினா அப்பறம் எதுக்கு பஞ்சாங்கம்?

எதை எடுக்கறதுன்னு என் முடிவை சொல்லிடறேன். ஜாதகத்துக்கு திருக்கணிதம். காரணம் சிம்பிள், ஜாதகம்ங்கறதே "பிறந்த நிமிஷத்துல சந்திரன் எங்க இருந்தது"ங்கற கேள்வி, அதுக்கு வானத்தைப் பார்த்தா ஒத்துப்போற பதில்தான் பதில். இதை யாரும் சொல்லி நம்பணும்னு இல்ல. நிலாவோட அகலம் அரை டிகிரி, 2.4 டிகிரின்னா கிட்டத்தட்ட அஞ்சு நிலாவை வரிசையா வச்ச தூரம். பாதி நிலா கேட்டையோட அந்த சிவப்பு நட்சத்திரத்துக்குப் பக்கத்துல போற ராத்திரி மொட்டை மாடியில நின்னு பார்த்தா, எந்தக் கணக்கு அஞ்சு நிலா தூரம் தள்ளி நிக்குதுன்னு வெறும் கண்ணுக்கே தெரியும். கோயில் உற்சவம், குலதெய்வ வழிபாடு, பெரியவங்க திதி, இதுக்கெல்லாம் கோயில்ல, குடும்பத்துல எது வழக்கமோ அதுவே இருக்கட்டும். அது ஊரும் உறவும் ஒரே நாள்ல கூடறதுக்கான ஏற்பாடு, அதை நான் ஒருத்தன் மாத்தினா நான் மட்டும் தனியா நிப்பேன்.

பொருத்தம் பார்க்கறப்ப ஒரே ஒரு விஷயத்துல மட்டும் கறாரா இருங்க. ரெண்டு ஜாதகமும் ஒரே கணக்குல இருக்கணும். பையன் ஜாதகம் வாக்கியத்துல, பொண்ணு ஜாதகம் திருக்கணிதத்துல வச்சுப் பார்க்கற பொருத்தம் குப்பை. கையெழுத்து நோட்டுல இருந்து நட்சத்திரத்தை மட்டும் காப்பி பண்ணாதீங்க, பிறந்த தேதி, நேரம், ஊர் மூணையும் வாங்கி ரெண்டு பேருக்கும் புதுசா ஒரே முறையில போடுங்க. அந்த வருஷத்துப் பஞ்சாங்கம் கிடைச்சா நட்சத்திரம் மாறற நேரத்துக்கும் பிறந்த நேரத்துக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு பாருங்க. 6 மணி நேரத்துக்கு மேல இருந்தா ரெண்டு முறையிலயும் ஒரே நட்சத்திரம்தான் வரும், விட்டுடலாம். அதுக்குக் கம்மின்னா ரெண்டுலயும் பார்த்துடுங்க, அஷ்டமி பக்கம்னா கட்டாயம்.

திருக்கணிதம்னு முடிவு பண்ணினா எல்லா ஆப்பும் ஒண்ணே சொல்லும்னு நினைச்சுடாதீங்க, நான் அங்கயும் ஒரு தடவை மாட்டினேன். வானத்துல மேஷம் எங்க ஆரம்பிக்குதுங்கறதுக்கு அயனாம்சம்னு ஒரு அளவு இருக்கு. லாகிரி அயனாம்சம் இப்ப 24 டிகிரி பக்கம், ராமன் அயனாம்சம் அதைவிட சுமார் ஒன்றரை டிகிரி கம்மி. செட்டிங்ல அது மாறியிருந்தா திருக்கணிதத்துக்குள்ளயே நட்சத்திரம் ரெண்டரை மணி நேரத்துக்கு மேல முன்னாடி போயிடும். மாப்பிள்ளை வீட்டு ஆப்ல எது இருந்ததுன்னு கேட்டேன், லாகிரிதான், நல்லவேளை. பிறந்த நேரத்தையும் ஒரு தடவை யோசிச்சேன். ஆஸ்பத்திரி சீட்டுல "3:00"ன்னு ரவுண்டா இருந்தா யாரோ கடிகாரத்தைப் பார்த்து சுமாரா எழுதினதுதான், 10 நிமிஷம் முன்னப்பின்ன இருக்கும். மூலம் ஆரம்பிச்சது 1:10ங்கறதால அந்த 10 நிமிஷத்தால நட்சத்திரம் மாறப்போறதில்ல, தசை இருப்புல மட்டும் ஒரு 18 நாள் அசையும்.

புது ஜாதகம் பிரின்ட் எடுத்தப்ப தலைப்புக்குக் கீழயே "திருக்கணிதம், லாகிரி அயனாம்சம்"னு ஒரு வரி போட்டுட்டேன், அதுக்குக் கீழ சின்னதா "வாக்கியப்படி கேட்டை 4, விருச்சிகம்"னும் போட்டேன். மறைச்சீங்களான்னு இனிமே யாரும் கேட்க வேண்டாம். அந்த வரன் வேற காரணத்துக்கு அமையல, அது வேற கதை. அம்மா மட்டும் கோயில்ல அர்ச்சனை பண்றப்ப இன்னிக்கும் பேத்தி பேரைச் சொல்லி "கேட்டை நட்சத்திரம், விருச்சிக ராசி"ன்னுதான் சொல்றாங்க. நான் திருத்தல.